கையால் வரைந்த ‘வட்டம்’ பெயர்ச்சின்னம்: இடைவெளி எல்லாம் சமம்தான், ஆனால் கண்ணுக்குச் சமமாக இல்லை

நூலிழை எழுதியது:

எங்கள் வாசிப்புக் குழுவின் பெயர் ‘வட்டம்’. அதற்கு ஒரு பெயர்ச்சின்னம் செய்யலாம் என்று இறங்கினேன். எந்த எழுத்துருவையும் எடுத்துக்கொள்ளாமல், முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு இங்க்ஸ்கேப்பில் கோடு கோடாகக் கட்டினேன். எல்லாம் ஒரே தடிமன், முனைகள் சதுரம், வளைவுகள் வ-விலும் ம-விலும் மட்டும்.

சின்னம் முடிந்து ஒரு வாரமாகிறது. பார்க்கும்போதெல்லாம் ஏதோ உறுத்துகிறது. முதல் இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வரும் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்பதுபோல் ஒரு உணர்வு. குழுவில் ஒருவர் "வட் டம் என்று இரண்டு சொல்லா?" என்றே கேட்டார். ஆனால் அளந்து பார்த்தால் எழுத்துக்கு எழுத்து இடைவெளி மூன்று இடத்திலும் மிகச் சரியாக 60 அலகு. மென்பொருளே சமமாகப் பிரித்து வைத்ததுதான்.

மற்ற அளவுகளையும் தருகிறேன். எழுத்தின் உயரம் 500. கோட்டின் தடிமன் 80. வ-வின் அகலம் 430. ட-வின் அகலம் 300, அதாவது நிற்கும் கோடு 80, வலப்பக்கம் நீளும் படுக்கைக் கோடு 220. இரண்டு ட-வும் ஒன்றின் நகல்தான். ம-வின் அகலம் 400, அதன் இடது கோட்டுக்கும் உள்வளைவுக்கும் நடுவில் 90.

தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பிறகு எதை நகர்த்துவது?

---

அளவுகோல் எழுதியது:

நீங்கள் சமப்படுத்தியது எழுத்துகளைச் சுற்றியிருக்கும் பெட்டிகளுக்கு இடையே உள்ள தூரத்தை. கண் பெட்டியைப் பார்ப்பதில்லை, கறுப்புக்கு நடுவே கிடக்கும் வெள்ளையைப் பார்க்கிறது. ஆகவே வெள்ளையின் பரப்பைக் கணக்கிடுங்கள்.

வ-வின் வலது ஓரம் மேலிருந்து கீழ்வரை நேர்கோடு. ட-வின் இடது ஓரமும் நேர்கோடு. நடுவில் இருப்பது 60 பெருக்கல் 500, அதாவது 30,000 சதுர அலகு. அடுத்து ட்-டுக்கும் ட-வுக்கும் நடுவில் பாருங்கள். அந்த 30,000 அப்படியே இருக்கிறது. அதோடு ட்-டின் படுக்கைக் கோட்டுக்கு மேலே திறந்து கிடக்கும் இடமும் சேர்கிறது. அது 220 பெருக்கல் 420, அதாவது 92,400. ஆக மொத்தம் 1,22,400. முதல் இடைவெளியைப் போல நான்கு மடங்கு! ட-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும் இதே கதைதான், ம-வின் இடது ஓரமும் நேர்கோடு என்பதால்.

தீர்வும் எளிது. எல்லாப் பரப்பையும் 1,22,400 ஆக்குங்கள். வ-வுக்கும் ட்-டுக்கும் நடுவே 245 அலகு விட்டால் கணக்கு சரியாகிவிடும்.

---

நூலிழை எழுதியது:

நன்றி. நான்கு மடங்கு என்பதைப் பார்த்ததும் அதிர்ச்சியாக இருந்தது. உடனே 245 வைத்துப் பார்த்தேன். இப்போது ‘வ’ தனியாகப் போய்விட்டது. ‘வ ட்டம்’ என்று படிக்கிறது. முன்பைவிட மோசம்.

---

சுவரெழுத்து எழுதியது:

அளவுகோல் சொன்ன முதல் பாதி ரொம்பச் சரி. நோய் எங்கே என்று பிடித்துவிட்டார். மருந்துதான் கூடிவிட்டது.

நான் முப்பது வருடமாகப் பலகையிலும் சுவரிலும் எழுதுகிறவன். ட வந்தால் எங்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. தமிழில் ட-வைப் போல வலப்பக்கம் மேலே முழுக்கத் திறந்து கிடக்கிற எழுத்து குறைவு. அந்தத் திறந்த இடத்தில் ஒரு பங்கு ட-வுக்கே சொந்தமானது. ப-வின் உள்ளே இருக்கிற வெற்றிடத்தை நாம் இடைவெளி என்று எண்ணுவதில்லை, அது எழுத்தின் வயிறு. ட-வின் படுக்கைக் கோட்டுக்கு மேலே இருப்பதும் பாதி வயிறு, பாதி இடைவெளி. முழுவதையும் இடைவெளிக் கணக்கில் சேர்த்தால் நூலிழை பார்த்த கோளாறுதான் வரும்.

நகர்த்தும் முன்னால் தப்பைப் பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள். சொல்லைப் படிக்கிறவரை அது தெரியாது, ஏனென்றால் மனம் ‘வட்டம்’ என்று வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அப்போது அது எழுத்தில்லை, வெறும் கறுப்புத் திட்டுகள். எங்கே கறுப்பு கட்டியாகச் சேர்கிறது, எங்கே வெள்ளை ஓட்டையாகத் தெரிகிறது என்று அப்போது தானாகத் தெரியும். அப்புறம் ஒரு காகிதத்தால் மூடி மூன்று எழுத்து மட்டும் தெரியும்படி வையுங்கள். ‘வட்ட’ மட்டும் பார்த்தால், நடு எழுத்து இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறதா வலப்பக்கமா? பிறகு ‘ட்டம்’ மட்டும் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடைவெளிகளை மட்டும் ஒப்பிட்டால் கண் பொய் சொல்லாது.

இன்னொன்று, திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இடைவெளி பார்க்காதீர்கள். பெரிதாகப் பார்த்தால் எல்லா இடைவெளியும் அகலமாகத்தான் தெரியும். உடனே கை நெருக்கப் பார்க்கும். கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னதாக்கி, மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

---

தொடர்வாசி எழுதியது:

எனக்கும் இதே சிக்கல்தான் ஐயா, அதனால் இங்கேயே கேட்கிறேன். என் சின்னம் ‘தொடர்’. எல்லாத் துண்டுகளுக்கும் நடுவே சமமாக 70 விட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் ‘தெரடர்’ என்று படிக்கிறார்கள். எழுத்துருக்களுக்குள் கெர்னிங் அட்டவணை என்று ஒன்று இருக்குமாமே. அதை எடுத்து என் படத்தில் போட முடியுமா?

---

மைக்கறை எழுதியது:

@தொடர்வாசி, கெர்னிங் அட்டவணை அந்த எழுத்துருவின் வடிவங்களுக்காக மட்டும் செய்தது. இன்ன எழுத்துக்குப் பின்னால் இன்ன எழுத்து வந்தால் இத்தனை அலகு தள்ளு அல்லது இழு என்று அதில் இருக்கும். நீங்கள் வரைந்த த-வும் ட-வும் வேறு வடிவம், ஆகவே அந்த எண்களுக்கு உங்கள் படத்தில் பொருள் இல்லை. உங்கள் சிக்கலும் நூலிழையுடையது அல்ல.

‘தொ’ என்பது கொம்பு, த, கால் என மூன்று துண்டாக இருந்தாலும் ஒரே எழுத்து. அதன் உள்ளே இருக்கும் இரண்டு இடைவெளிகளும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நீங்கள் சமமாக விட்டதால் கால் த-வை விட்டு விலகித் தனி எழுத்தாக நிற்கிறது. தனியாக நிற்கிற கால் ர-வாகத்தான் கண்ணுக்குப் படும், இரண்டும் அவ்வளவு நெருங்கிய வடிவம். த-வுக்கும் காலுக்கும் நடுவே 45 வைத்து, காலுக்கும் ட-வுக்கும் நடுவே 90 விட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் காலின் இடப்பக்க விழுதைக் கொஞ்சம் குட்டையாக்குங்கள், ர-விலிருந்து அது இன்னும் பிரியும். சொல்லின் நடுவில் கொம்பு வரும்போதும் இதையே பாருங்கள். சமமாக விட்டால் அது முந்தைய எழுத்தின் வாலைப்போல் தெரியும்.

---

தொடர்வாசி எழுதியது:

45-உம் 90-உம் வைத்ததுமே ‘தொடர்’ என்று படிக்கிறது! விழுதைத் தொடவே தேவைப்படவில்லை. மிக்க நன்றி. மற்றதைத் தனி இழையில் கேட்கிறேன்.

---

நூலிழை எழுதியது:

சுவரெழுத்து ஐயா, 60 வைத்த பழைய வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வாரமாகத் தெரியாதது ஒரு நொடியில் தெரிந்தது. வ-வின் கடைசிக் கோடும் ட்-டின் கோடும் சேர்ந்து ஒரே தடித்த தூண்போல் இருக்கின்றன. இரண்டும் 80 தடிமன், நடுவே வெள்ளை 60தான், கோட்டின் தடிமனைவிடக் குறைவு. அதற்குப் பக்கத்தில் இரண்டு பெரிய சன்னல்கள்போல ட-வின் வெற்றிடங்கள். ‘வட் டம்’ என்று அவர் படித்ததற்குக் காரணம் புரிந்துவிட்டது.

ஆனால் எதை முதலில் சரிசெய்வது என்று தெரியவில்லை. வ-வைத் தள்ளினால் சொல் தளர்கிறது. ட-க்களை நெருக்கினால் படுக்கைக் கோடு அடுத்த எழுத்தில் இடிக்கிறது.

---

சுவரெழுத்து எழுதியது:

இடிக்கிறது என்றீர்களே, வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்தச் சொல்லிலும் நெருக்க முடியாத ஒரு ஜோடி இருக்கும். அதை முதலில் முடிந்தவரை நெருக்கி வைத்துவிட வேண்டும். மற்ற ஜோடிகளை அதற்குத் தக்கபடி தளர்த்த வேண்டும். ஏனென்றால் வ-வையும் ட்-டையும் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம், எல்லை கிடையாது. ட்ட-வை நெருக்குவதற்கு எல்லை இருக்கிறது. எல்லை உள்ளதை நிலைநிறுத்திவிட்டால் எல்லை இல்லாதது வழிக்கு வரும். நீங்கள் எதிர்த்திசையில் போனால் நாள் முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ட்ட-வின் எல்லை எது? ட்-டின் படுக்கைக் கோடு அடுத்த ட-வின் நிற்கும் கோட்டைத் தொட்டால் என்ன எழுத்து ஆகும் என்று யோசியுங்கள். இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. அது ப. மேலே புள்ளி வேறு இருக்கிறது, ஆக ப். சின்ன அளவில் மை பரவினாலோ திரையில் மங்கினாலோ இந்த விபத்து நடக்கும். ஆகவே அங்கே தெளிவான வெள்ளை வேண்டும். ஆனால் 60 வேண்டியதில்லை. படுக்கைக் கோட்டின் முனை 80 உயரத்துக்கு மட்டும்தான் அடுத்த கோட்டை எதிர்கொள்கிறது. முழு உயரத்துக்கு இரண்டு கோடு எதிரெதிரே நிற்பதைவிட இது குறைவான நெருக்கம். 45 வரை தைரியமாக வரலாம்.

ஆனால் 60-ஐ 45 ஆக்கியதால் மட்டும் சன்னல் மூடாது, 15 அலகில் என்ன ஆகப்போகிறது. எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவருக்கு நகர்த்துவது ஒன்றுதான் வழி. உங்களுக்கு அப்படி இல்லை. எழுத்தே உங்கள் கையில் இருக்கிறது. ட-வின் படுக்கைக் கோட்டை வெட்டுங்கள். 220 இருப்பதை 160 ஆக்குங்கள். இந்தச் சொல்லில் தப்பு இடைவெளியில் பாதிதான், மீதி பாதி எழுத்தின் அகலத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வ-வுக்கும் ட்-டுக்கும் நடுவே 100-இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். தலைகீழாகவே வைத்துக்கொண்டு கூட்டுங்கள். தூண் இரண்டாகப் பிரிந்து தெரிகிற இடத்தைத் தாண்டி ஒரு படி போய், பிறகு நில்லுங்கள்.

---

அளவுகோல் எழுதியது:

கோட்டை வெட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒரு ஐயம். 160 ஆக்கினால் ட குட்டையாகத் தெரியாதா? எதுவரை வெட்டலாம்?

---

சுவரெழுத்து எழுதியது:

எண்ணாகச் சொல்ல மாட்டேன், எழுத்தைப் பொறுத்தது. நான் பார்ப்பது இதைத்தான். ட-வைத் தனியாக எடுத்து வைத்தால் அது நிற்கிற எழுத்தாகத் தெரிய வேண்டும், வலப்பக்கம் கீழே ஒரு முட்டு கொடுத்த தூணாகத் தெரியக் கூடாது. நூலிழையின் தடிமனுக்கு 160 என்பது கோட்டைப்போல் இரண்டு மடங்கு நீட்டல். அதற்குக் கீழே போனால் முட்டு ஆகிவிடும் என்று நினைக்கிறேன். இதே எழுத்து மெல்லிய கோட்டில் இருந்தால் வேறு மாதிரி.

---

நூலிழை எழுதியது:

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும். செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டு ட-வின் படுக்கைக் கோட்டையும் 160 ஆக்கினேன். ட்ட, டம் இரண்டு இடத்திலும் 45 வைத்தேன். வ-வை 100-இல் தொடங்கி நகர்த்தியதில் 105 வரை தூணாகவே இருந்தது, 110-இல் பிரிந்தது. 115-உம் வைத்துப் பார்த்தேன், வ கொஞ்சம் விலகத் தொடங்கியதால் 110-க்கே திரும்பினேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று எழுத்துச் சோதனை செய்தபோது இன்னொன்று தெரிந்தது. ‘வட்ட’ நன்றாக இருக்கிறது. ‘ட்டம்’ என்று பார்த்தால், ட-வுக்கும் ம-வுக்கும் நடுவே மட்டும் இன்னும் ஓட்டை தெரிகிறது. ஆனால் அங்கேயும் ட்ட-விலும் எண்கள் ஒன்றேதான், கோட்டுக்குக் கோடு 205. ஒரே அளவு எப்படி இரண்டு விதமாகத் தெரியும்? ம-வை இன்னும் 15 நெருக்கினேன், அப்போது படுக்கைக் கோடு ம-வோடு ஒட்டியதுபோல் ஆகிவிட்டது.

---

மைக்கறை எழுதியது:

அது இடைவெளியின் குற்றம் அல்ல என்று நினைக்கிறேன். ம-வின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இடது கோட்டுக்கும் வளைவுக்கும் நடுவே 90 என்று முதல் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். 205 அகலமுள்ள வெள்ளைக்குப் பக்கத்திலேயே 90 அகலமுள்ள வெள்ளை. ம உள்ளே இறுகியிருப்பதால் அதற்கு வெளியே இருப்பது அகலமாகத் தெரிகிறது. ட்ட-வில் அப்படித் தெரியாததற்குக் காரணம், அந்த இடைவெளிக்கு அடுத்து இருப்பதும் இன்னொரு ட-வின் திறந்த இடம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது.

ஆகவே ம-வை நகர்த்தாதீர்கள், 45-லேயே விடுங்கள். அதன் வயிற்றை விரியுங்கள். 90-ஐ 120 ஆக்கினால் ம-வின் அகலம் 430 ஆகும், வ-வும் 430தான். சொல்லின் இரண்டு ஓரத்திலும் ஒரே அகல எழுத்துகள் நிற்கும்.

---

சுவரெழுத்து எழுதியது:

இதை நான் தவறவிட்டேன். மைக்கறை சொல்வது சரி. எழுத்தின் உள்வெள்ளையும் வெளிவெள்ளையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

---

நூலிழை எழுதியது:

120 ஆக்கினேன். ஓட்டை போய்விட்டது! ம-வை ஒரு அலகுகூட நகர்த்தவில்லை. நகர்த்தாமலே இடைவெளி சரியாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மொத்த நீளம் 1610-இலிருந்து 1540-க்கு வந்திருக்கிறது. சொல் இறுகியிருக்கிறது, ஆனால் நெரிசலாக இல்லை.

---

அளவுகோல் எழுதியது:

புதிய அளவுகளுக்குப் பரப்பைக் கணக்கிட்டேன். வ-வுக்கும் ட்-டுக்கும் நடுவே 110 பெருக்கல் 500, அதாவது 55,000. ட்-டுக்கும் ட-வுக்கும் நடுவே, 45 பெருக்கல் 500 என்பது 22,500. படுக்கைக் கோட்டுக்கு மேலே 160 பெருக்கல் 420 என்பது 67,200. இதில் பாதி ட-வின் வயிறு என்று சுவரெழுத்து ஐயா சொன்னார் அல்லவா? பாதியை மட்டும், அதாவது 33,600-ஐச் சேர்த்தால் மொத்தம் 56,100. 55,000-உம் 56,100-உம்! கண்ணால் வைத்தது கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ட வந்தால் திறந்த இடத்தில் பாதியை எண்ணு என்று இதை விதியாகவே வைத்துக்கொள்ளலாமே?

---

சுவரெழுத்து எழுதியது:

பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ‘பாதி’ என்று நான் சொன்னது பேச்சு வழக்கில். படுக்கைக் கோடு நீளமாக இருந்தால் அதன் வெளிமுனை பக்கம் இருக்கும் வெள்ளை மேலும் மேலும் இடைவெளியாகத் தெரியும், கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வயிறாகத் தெரியும். பழைய 220-க்கு உங்கள் பாதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 46,200-உம் 30,000-உம் சேர்த்து 76,200 வரும். அதற்கு ஈடாக வ-வைத் தள்ள வேண்டுமென்றால் 150-க்கு மேல் போக வேண்டும். நூலிழைக்கு 115-லேயே வ விலகத் தொடங்கியது.

தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவைக் கண்ணிடம் விடுங்கள்.

---

அளவுகோல் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. 115-இல் விலகியது 160 வைத்த வடிவத்தில். 220 வைத்திருந்தால் சொல் முழுவதும் தளர்ந்த ஒன்றாக இருந்திருக்கும், அதில் 150 பொருந்தியிருக்கலாம். அதை யாரும் வைத்துப் பார்க்கவில்லையே. நேரம் கிடைக்கும்போது நானே வரைந்து பார்க்கிறேன்.

---

நூலிழை எழுதியது:

இன்னும் இரண்டு விஷயம் மீதி இருக்கிறது.

ஒன்று, சின்ன அளவு. குழுவின் பக்கத்தில் மேல் மூலையில் இது 16 பிக்சல் உயரத்தில் வரும். வைத்துப் பார்த்தேன். ஐயா எச்சரித்தது அப்படியே நடந்தது. ட்ட-வின் நடுவில் இருந்த வெள்ளை சாம்பல் நிறமாகி, ப் போலத் தெரிகிறது.

இரண்டு, புள்ளி. ட்-டின் மேலே புள்ளியை எங்கே வைப்பது? இப்போது நிற்கும் கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது.

---

மைக்கறை எழுதியது:

முதல் கேள்விக்கு: 500 அலகு 16 பிக்சலாகச் சுருங்கும்போது ஒரு பிக்சல் என்பது சுமார் 31 அலகு. உங்கள் 45 ஒன்றரைப் பிக்சல்கூட இல்லை. அது சரியாகப் பிக்சல் எல்லையில் விழாவிட்டால் இரண்டு சாம்பல் பிக்சலாகப் பிரிந்துவிடும். வெள்ளையே மிஞ்சாது. சின்ன அளவுக்குத் தனி வடிவம் செய்யுங்கள். அதில் 45 இருக்கும் இடத்தில் 70 வையுங்கள், இரண்டு பிக்சலுக்கு மேல் கிடைக்கும். அதைத் தளர்த்தினால் வ-வும் தளர வேண்டும், 135 அளவில் தொடங்கிப் பாருங்கள். பெரிய வடிவத்தைத் தொடாதீர்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைக்கப்போகிறீர்கள் என்றாலும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். வெள்ளை எழுத்து தடித்துத் தெரியும், நடுவில் இருக்கும் இடம் சுருங்கியதுபோல் ஆகும்.

புள்ளிக்கு: ட-வின் திறந்த இடத்துக்குள்ளேயே இறக்கி வைத்துவிடுங்கள். படுக்கைக் கோட்டுக்கு மேலே, கோட்டுக்கு வலப்பக்கம். ஓட்டை நிரம்பும், சொல்லின் மேல்வரிசையும் சீராகும். பெயர்ச்சின்னம்தானே, அந்த உரிமை உண்டு.

---

சுவரெழுத்து எழுதியது:

புள்ளியை உள்ளே இறக்குவதை நான் ஒப்ப மாட்டேன். பெரிய பலகையில் அழகாக இருக்கும், அது உண்மை. ஆனால் ம்-மின் புள்ளி மேலேதானே இருக்கும்? அதை உள்ளே இறக்க இடமில்லை. ஒரே சொல்லில் ஒரு புள்ளி உள்ளே, ஒன்று மேலே. படிக்கிறவர் முதலாவதைப் புள்ளி என்றே எண்ண மாட்டார், அலங்காரம் என்று நினைத்து ‘வடடம்’ என்று வாசிப்பார்.

இப்போது இருக்கிற இடமும் சரியில்லை. கோட்டுக்கு நேர் மேலே வைத்தால், ஏற்கெனவே கறுப்பு கூடியிருக்கிற வ-வின் பக்கத்திலேயே இன்னும் கறுப்பைச் சேர்க்கிறீர்கள். வலப்பக்கம் கொண்டுவாருங்கள். ட்-டின் அகலம் இப்போது 240, நடு 120. அதிலும் கொஞ்சம் வலப்பக்கம், 140 அல்லது 150. ஆனால் அடுத்த ட-வின் கோடு 285-இல் தொடங்குகிறது, அதற்கு நெருங்கிவிடக் கூடாது. நெருங்கினால் புள்ளி யாருடையது என்ற குழப்பம் வரும், முதல் ட-வை விட்டு இரண்டாவதன் தலையில் போய் உட்காரும்.

---

மைக்கறை எழுதியது:

இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘வடடம்’ என்று வாசிப்பார்கள் என்பதை ஒப்பவில்லை. தமிழில் ட் வரும் இடத்தில் புள்ளி எங்கே இருந்தாலும், ஏன் இல்லாவிட்டாலும், வாசிக்கிறவர் வட்டம் என்றுதான் படிப்பார். ஓலைச்சுவடிகளைப் புள்ளியே இல்லாமல்தானே படித்தார்கள்.

---

சுவரெழுத்து எழுதியது:

சுவடி படித்தவருக்கு அது பழக்கம். நடந்து போகிற போக்கில் பலகையைப் பார்க்கிறவருக்கு அப்படி இல்லை. இருவரும் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது, நூலிழை இரண்டையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

---

நூலிழை எழுதியது:

சின்ன வடிவத்தில் 70-உம் 135-உம் வைத்தேன். ப் போய்விட்டது, 16 பிக்சலில் ட்ட தெளிவாக இருக்கிறது. 135 எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டதால் 130 ஆக்கினேன்.

புள்ளி இரண்டு விதமாகவும் வைத்து, எது எது என்று சொல்லாமல் குழுவில் ஆறு பேரிடம் காட்டினேன். ஆறு பேருமே இரண்டையும் ‘வட்டம்’ என்றுதான் படித்தார்கள், ஆனால் அவர்களுக்குப் பெயர் முன்பே தெரியும் என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே புள்ளி வைத்ததை நான்கு பேர் அழகு என்றார்கள். அதையே 16 பிக்சலில் காட்டியபோது புள்ளியும் படுக்கைக் கோடும் ஒரே கட்டியாகிவிட்டன. ஆகவே சின்ன வடிவத்தில் புள்ளி மேலேதான், 145-இல். பெரிய வடிவத்துக்கு இன்னும் முடிவு செய்யவில்லை. பெயரே தெரியாத ஒருவரிடம் காட்டிவிட்டு வந்து சொல்கிறேன்.

இன்னொரு சின்னச் சந்தேகம். சொல்லுக்குக் கீழே ஒரு நேர்கோடு வரும், இடது ஓரம் சமமாக வைத்திருக்கிறேன். வ மட்டும் உள்ளே தள்ளி நிற்பதுபோல் இருக்கிறது.

---

சுவரெழுத்து எழுதியது:

வ-வின் இடப்பக்கம் வளைவு அல்லவா? வளைவின் ஒரு புள்ளிதான் ஓரத்தைத் தொடுகிறது, மற்றதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. கோட்டின் முனையைத் தாண்டி வ-வை ஒரு 10 அலகு இடப்பக்கம் வெளியே இழுங்கள். வலது ஓரத்தில் ம-வுக்கும் வளைவுதான், அங்கேயும் பாருங்கள்.